94,400 ரூபாய்க்கு வந்த பிரஸ் ரிலீஸும் நானே எழுதியதும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, பழுது பார்த்து, 11 அறைகள் உள்ள பூட்டிக் ஹோட்டலாக நடத்தி வருகிறேன். ஊர்ப் பெயரையும் ஹோட்டல் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னால் இதுவும் விளம்பரமாகிவிடும். எனக்குச் சொந்த ஊர் மதுரை. வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இதில் இறங்கினேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், அதனால் இங்கே எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். சுண்ணாம்புப் பூச்சுக்கு யாரைக் கூப்பிடுவது, எந்த உரிமத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்றெல்லாம் கேட்க ஆள் இருந்தது. திறப்பு விழாச் செய்தியைப் பத்திரிகைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்லத்தான் யாரும் இல்லை. அதில்தான் பணமும் போனது, தூக்கமும் போனது.

எல்லாரும் சொல்கிறார்களே என்று ஒரு பி.ஆர். ஏஜென்சியைப் பிடித்தேன். ரிலீஸ் எழுதித் தர 45,000, அதை நாடு முழுக்க அனுப்ப 35,000, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 94,400 ரூபாய். வந்த ரிலீஸின் தலைப்பு இப்படி இருந்தது: 'பாரம்பரியமும் ஆடம்பரமும் கைகோக்கும் ஓர் ஒப்பற்ற அனுபவம்: செட்டிநாட்டில் புதிய அத்தியாயம்'. உள்ளே 200 ஆண்டுப் பழமை வாய்ந்த அரண்மனை, யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற பாரம்பரியப் பகுதி, ஐந்து நட்சத்திரத் தரம், விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம், எங்கள் பூர்வீக மாளிகை என்று அடுக்கியிருந்தார்கள். எத்தனை அறை என்று ஒரு இடத்திலும் இல்லை. வாடகை இல்லை. திறக்கும் தேதி மூன்றாவது பக்கத்தில் இருந்தது. 200 வருஷம் என்று எப்படிப் போடலாம் என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் மேடம் போடுவாங்க, யாரு போய் எண்ணப்போறாங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாளே அனுப்பியும் விட்டார்கள்.

பதினைந்து நாள் கழித்து ஓர் அறிக்கை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகள். பெரிய பத்திரிகைகளின் இணையதளப் பெயர்கள்கூட அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் 'இந்தச் செய்திகளின் விளம்பர மதிப்பு' என்று, அதாவது அதே இடத்துக்குக் காசு கொடுத்து விளம்பரம் போட்டிருந்தால் ஆகியிருக்கும் தொகை என்று, பல லட்ச ரூபாய்க் கணக்கு. ஒரு நிமிஷம் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரு கமா கூட மாறவில்லை. மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில், இது பணம் செலுத்தி வெளியிடப்பட்ட உள்ளடக்கம், ஆசிரியர் குழுவுக்கு இதில் பங்கில்லை என்ற குறிப்பு. அந்தத் தளங்களின் முகப்புப் பக்கத்திலிருந்து தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது, இணைப்பைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் அங்கே போக முடியும். நிருபர் ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை, ஒரு அறைகூட அதன் மூலம் பதிவாகவில்லை. அந்த விளம்பர மதிப்புக் கணக்கை மக்கள் தொடர்புத் துறைக்காரர்களே 2010-ல் பார்சிலோனாவில் கூடி வகுத்த கோட்பாடுகளில், இது ஒரு வேலையின் மதிப்பைக் காட்டாது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் யாரையாவது அமர்த்துவதாக இருந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: இதற்கு முன் நீங்கள் அனுப்பிய ரிலீஸை வைத்து ஒரு நிருபர் தன் பெயரில் எழுதிய செய்தி இருந்தால் காட்டுங்கள். இணைப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பேச்சை மாற்றினால் கிளம்பிவிடலாம்.

பணம் போனதைவிட என்னை வதைத்தது வேறு. ஒரு நாள் இரவு மலேசியாவிலிருந்து போன். வீட்டுப் பங்காளிகளில் மூத்தவர். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்காது. கட்டியவரின் பேரன், கொள்ளுப்பேரன் வழியில் எத்தனையோ பங்கு. நான் குத்தகை பேசியது ஆறு குடும்பங்களோடு. எல்லாரையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வைப்பது தனிக் கதை. அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "என்னம்மா, எங்க ஐயா கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதிச்சுக் கட்டின வீடு. உங்க பூர்வீகம்னு போட்டிருக்காமே, பேரன் காட்டினான்" என்றார். நான் எழுதவில்லை, ஏஜென்சிக்காரர்கள் எழுதியது என்றேன். "உங்க பேர்லதானேம்மா வந்திருக்கு" என்றார். அன்று ராத்திரி பட்டாலைத் தூணில் சாய்ந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு குடும்பத்துக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பினேன். அதில் ஒரு குடும்பம் இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேசுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தமிழ் நாளிதழின் உள்ளூர் நிருபர் தம்பி எட்டிப் பார்த்தார். ரிலீஸைப் பார்த்து வரவில்லை, ஊரில் பெயின்டர் சொல்லி வந்தவர். ஏஜென்சி எழுதிய தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு முகப்பிலிருந்து உள்ளே நடந்தார். வளவு என்கிற நடு முற்றத்துக்கு மேலே ஓடும் இரும்பு உத்திரத்தைக் காட்டினார். கீழே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக் காட்டினார். "அக்கா, இந்தக் கல்லு சிமென்ட்ல செய்யறது. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊருக்குச் சிமென்ட் எப்படி வரும்?" என்றார். பதில் இல்லை. அடுத்து யுனெஸ்கோ. செட்டிநாடு உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகவில்லை. 2014-ல் இந்தியா அதை உத்தேசப் பட்டியலில் சேர்த்தது, அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் இருப்பது பின்னாளில் பரிந்துரைக்கத் தகுதி, அங்கீகாரம் ஆகாது. "இதை நான் அப்படியே போட்டா டெஸ்க்ல நான்தான் வாங்கிக் கட்டிக்கணும். ஒரு தப்பு கண்ணுல பட்டா மிச்சம் எதையும் நம்ப மாட்டாங்க" என்றார். பேசிக்கொண்டே டீ குடித்தவர், போகும்போது, "இதுல செய்தி எங்கே இருக்கு, அதை மட்டும் எழுதிக் கொடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மறுபடி முதலிலிருந்து நானே எழுத உட்கார்ந்தேன்.

வயதிலிருந்து தொடங்கினேன். முகப்புக்கு மேலே லட்சுமி சுதைக்குக் கீழே பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டியபோது 1924 என்று எண் தெரிந்திருந்தது. ஆகவே 'முகப்புச் சுதையில் 1924 என்று பொறிக்கப்பட்டுள்ள வீடு' என்று எழுதினேன். கேட்பவருக்கு எதை வைத்துச் சொல்கிறோம் என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது, நிருபர் வந்தால் நேரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அரண்மனை என்ற சொல்லை எடுத்தேன், அது வீடுதான். ஐந்து நட்சத்திரத்தை எடுத்தேன். நட்சத்திரம் என்பது மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் விண்ணப்பித்து, குழு வந்து பார்த்து, பிறகு கிடைப்பது. நாமே தரம் என்ற வாலை ஒட்டிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஹெரிடேஜ் ஹோட்டல் என்பதும் அப்படி ஒரு வகைதான். 1950-க்கு முன் கட்டிய கட்டடம், குறைந்தது ஐந்து அறை என்று அதற்கு அடிப்படை நிபந்தனைகள் உண்டு. எங்களுக்கு அந்த இரண்டும் பொருந்தும், ஆனால் நாங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை, அதனால் அந்தப் பெயரைப் போடவில்லை. பூட்டிக் என்பதற்கு அரசு வகைப்பாடு எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனாலேயே படிப்பவருக்கு அது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. 11 அறை என்று எழுதினால் எவ்வளவு சின்ன இடம் என்பது உடனே பிடிபடும்.

தலைப்புக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. ஹோட்டல் பெயரைத் தலைப்பில் வைக்க எனக்கு ஆசையாக இருந்தது, எந்தப் பெற்றவளுக்குத்தான் இருக்காது. ஆனால் அந்தப் பெயர் எனக்கும் என் கணவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாத பெயரைத் தலைப்பில் பார்ப்பவர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். ஆகப் பெயர் இரண்டாவது வரிக்குப் போனது. தலைப்பில் இடம், என்ன நடக்கிறது, அதில் என்ன வித்தியாசம், எப்போது என்ற நாலு விஷயத்தை மட்டும் வைத்தேன். கடைசியில் நின்றது இது: 'காரைக்குடி அருகே 1924-ல் கட்டிய செட்டிநாட்டு வீடு 11 அறை விடுதியாகிறது, செப்டம்பர் 4-ல் திறப்பு'. இதில் ஒரு அலங்காரச் சொல் கிடையாது. அழகான, ஒப்பற்ற போன்றவற்றை எழுத வேண்டியது பார்க்க வருகிற நிருபர், அதுவும் அவருக்குத் தோன்றினால். சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் தலைப்பில் ஊர்ப் பெயரை மாற்றி ஊட்டி என்றோ புதுச்சேரி என்றோ போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்தத் தலைப்பு உங்கள் ஹோட்டலைப் பற்றியது இல்லை. ஏஜென்சி கொடுத்த தலைப்பு கேரளத்துப் படகு வீட்டுக்குக்கூடப் பொருந்தும்.

முதல் பத்தியை, கீழே உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிட்டாலும் அதுவே முழுச் செய்தியாக நிற்கும்படி எழுத வேண்டும். நாளிதழில் இடம் இல்லையென்றால் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். என்னுடையது ஏறக்குறைய இப்படி இருந்தது: 'காரைக்குடி, ஆக. 20: சிவகங்கை மாவட்டம் காரைக்குடி அருகே உள்ள இந்த ஊரில், முகப்புச் சுதையில் 1924 என்று பொறிக்கப்பட்டுள்ள செட்டிநாட்டு வீடு ஒன்று 11 அறைகள் கொண்ட தங்கும் விடுதியாகச் சீரமைக்கப்பட்டு, செப்டம்பர் 4-ம் தேதி திறக்கப்படுகிறது. வீட்டின் உரிமையாளர்களான ஆறு குடும்பத்தினரிடமிருந்து 15 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டுள்ள இந்த வீட்டில், தங்காதவர்களும் முன்பதிவு செய்து மதிய உணவு சாப்பிடலாம்.' இந்த ஊர் என்ற இடத்தில் ஊரின் பெயர் இருந்தது. உரிமையாளர் பற்றிய அந்த வரியை, அனுப்பும் முன் ஆறு குடும்பத்துக்கும் வாட்ஸப்பில் போட்டுச் சரி வாங்கினேன். பழைய வீட்டில், பங்கு வீட்டில் ஹோட்டல் வைப்பவர்கள் இந்த ஒரு வேலையை விடவே கூடாது. மலேசியப் பெரியவர் 'கட்டியவர் பெயரையும் போடும்மா' என்று பதில் எழுதினார். இரண்டாவது பத்தியில் அது முதல் வரியானது.

தேதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏஜென்சியின் ரிலீஸில் போட்டிருந்த தேதியில் நாங்கள் திறக்கவே இல்லை. ஒரு சான்று கைக்கு வர வேண்டியிருந்தது, வரவில்லை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் திறக்கப் பங்காளிகள் யாரும் சம்மதிக்கவில்லை. அந்தத் தேதியை நம்பி சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. சாரம் கட்டிய முகப்பைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. காரைக்குடியில் வேறு இடத்தில் என் செலவில் அறை எடுத்துக் கொடுத்தேன். ஆகவே இரண்டாவது முறை, எல்லா உரிமமும் கோப்பில் வந்து சேர்ந்த பிறகுதான் தேதியை எழுதினேன். இன்னொன்று, திறப்பு என்ற சொல்லுக்குள் மூன்று தேதிகள் ஒளிந்திருக்கின்றன. கணபதி ஹோமம் ஒரு நாள், விழா ஒரு நாள், விருந்தினர் காசு கொடுத்துத் தங்கலாம் என்பது ஒரு நாள். வாசகருக்கு வேண்டியது மூன்றாவது மட்டுமே, தலைப்பில் அதைத்தான் போட வேண்டும். முன்பதிவு எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போன் வருவது பாதியாகக் குறையும். குறிப்பிட்ட நாளுக்கு முன் வெளியிட வேண்டாம் என்று மேலே போடும் வழக்கமும் உண்டு. எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது தேவையில்லாத பந்தா. வந்தபடி போட்டுக்கொள்ளலாம் என்று எழுதினேன்.

நிருபர்களுக்கு உண்மையில் உதவியது ரிலீஸ் இல்லை, அதோடு வைத்த தகவல் தாள். ஒரே பக்கம். ரிலீஸில் கதையாக வரும், இதில் துண்டு துண்டாக வரும், எழுதுபவர் தேவையானதை எடுத்துக்கொள்வார். இதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. திறக்கும் முன்பே விசாரித்து வந்த போன்களில் மக்கள் என்ன கேட்டார்கள் என்பதை ரிசப்ஷன் பெண் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள், அதுவே போதுமானதாக இருந்தது. முதல் கேள்வி எப்போதும் வாடகை. அதை மறைத்தால் செய்தியில் 'கட்டணம் குறித்த விவரம் இல்லை' என்று வரும், அல்லது யாராவது ஊகித்து எழுதுவார்கள். அப்போது எங்களிடம் இரண்டு விலை, 6,800 மற்றும் 9,200. இதில் ஒரு சிக்கல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்குக் கீழே என்றால் குறைவு. ஆகவே இரண்டு அறைக்கும் வரி சேர்த்த தொகையைத் தனித்தனியாகக் கொடுத்தேன். இரண்டு பேருக்கா, காலை உணவு சேர்ந்தா என்பதும் அதே வரியில். இல்லையென்றால் பேப்பரில் வந்த தொகையை நீட்டிக்கொண்டு கவுன்டரில் சண்டை போடுவார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை.

அடுத்து வழி. ஏஜென்சி எழுதிய ஒரு மணி நேரக் கதையை எடுத்துவிட்டு, திருச்சி, மதுரை விமான நிலையங்கள் இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். சென்னையிலிருந்து வருபவர்களில் பலர் பல்லவன் எக்ஸ்பிரஸில் வருகிறார்கள், அது பிற்பகலில் கிளம்பி இரவு காரைக்குடி வந்து சேரும். அதனால் ரயிலில் வருபவர்களுக்கு இரவு உணவு எடுத்து வைக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு பயணப் பத்திரிகைக்காரர் அந்த வரியைத்தான் தன் கட்டுரையில் எடுத்துப் போட்டார். அறைகளில் ஏழு அறை மாடியில், லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தானது, கீழே நான்கு அறை மட்டும் முட்டி வலிக்காரர்களுக்கு ஏற்றது என்பதையும் எழுதினேன். குறையை எதற்கு நாமே சொல்ல வேண்டும் என்று என் தங்கை கேட்டாள். சொல்லாவிட்டால் எண்பது வயதுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபின் சொல்ல வேண்டியிருக்கும்.

சீரமைப்பு வேலை பற்றி என்னிடம் அளவுக்கு மீறித் தகவல் இருந்தது, எல்லாவற்றையும் கொட்ட ஆசை. இரண்டை மட்டும் வைத்தேன். உடைந்திருந்த சுமார் 900 ஆத்தங்குடிக் கற்களுக்குப் பதில், பழைய வடிவத்தைப் பார்த்து ஆத்தங்குடியிலேயே புதிதாகச் செய்து வாங்கினோம். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றி, அதற்கு மேல் சிமென்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து, பிறகு கண்ணாடியிலிருந்து எடுக்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியில் படிவதால்தான் அந்த வழவழப்பு. இதை மூன்று வரியில் எழுதியிருந்தேன். இரண்டாவது, எது புதிது என்பதையும் சொன்னேன். குளியலறைகள் எல்லாம் புதிதாகக் கட்டியவை, பின்கட்டில் ஒரு சுவர் இடித்து எழுப்பியது. அப்படியே பழமை மாறாமல் என்று எழுதிவிட்டு, ஒரு கட்டடக் கலைஞர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவதைவிட இது நல்லது.

படங்களில் இன்னொரு 15,000 போனது. படம் எடுத்தவரோடு போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் இணையதளத்தில் பயன்படுத்த மட்டும் என்று ஒரு வரி இருந்தது. பத்திரிகைக்குக் கொடுக்கத் தனிக் காசு கேட்டார், கொடுத்தேன். நீங்கள் முதல் நாளே பத்திரிகைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் உரிமையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஆறு படம் போதும்: முகப்பு, வளவு, ஓர் அறை, சாப்பாட்டு இலை, ஒரு கைவினை நுணுக்கம், மனிதர்கள் இருக்கும் ஒன்று. நீண்ட பக்கம் 3,000 பிக்ஸலாவது இருந்தால் அச்சுக்குத் தாங்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும். டிரைவ் இணைப்பு கொடுத்தால் உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் இணைப்புக்கு இரவு எட்டு மணிக்குப் பக்கம் முடிக்கும் டெஸ்க்காரர் காத்திருக்க மாட்டார். ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் அது என்ன என்று இருக்கட்டும், எண் மட்டும் இருந்தால் அடுக்களைப் படத்துக்குக் கீழே முகப்பு என்று அச்சாகும். சமையல் ஆச்சி பணியாரம் ஊற்றும் படத்தைக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டி எழுதி வாங்கினேன். "இந்தப் பழைய சேலையிலேயா" என்று சொல்லி வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார், மறுபடி எடுத்தோம்.

அனுப்பும் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. ரிலீஸை மின்னஞ்சலிலேயே எழுத்தாகப் போட்டேன், இணைப்பாகப் போடவில்லை. தமிழ்ப் பத்திரிகைக்குத் தமிழில், யூனிகோடில். ஏஜென்சி தமிழ்ப் பதிப்பைப் பி.டி.எஃப். ஆக அனுப்பியிருந்தது, அதிலிருந்து எடுத்து ஒட்டினால் வெறும் கோணல் எழுத்துகள் வந்ததாக நிருபர் தம்பி சொன்னார். ஒருவர் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் அந்தச் செய்தி அன்று வராது. மாதப் பத்திரிகைகளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அனுப்ப வேண்டும், அதை நான் தவறவிட்டுவிட்டதால் அவர்களுக்குத் திறப்பை விட்டுவிட்டு, அப்போது வரவிருந்த மார்கழி சீசனுக்கான மதிய உணவைப் பற்றித் தனியாக எழுதினேன். கீழே கொடுக்கும் போன் எண் உடனே எடுக்கிற ஆளுடையதாக இருக்க வேண்டும். நான் என் சொந்த எண்ணைக் கொடுத்து, எந்த நேரத்தில் பேசலாம் என்றும் போட்டேன். ஓரிருவர், விளம்பரம் கொடுத்தால் செய்தியும் பெரிதாக வரும் என்று பேசினார்கள். இப்போதைக்கு விளம்பரத்துக்குப் பணம் இல்லை என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. ஒருவர் போடவில்லை, இன்னொருவர் போட்டார்.

பலன் என்று பார்த்தால், நிருபர் தம்பியின் பத்திரிகையில் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு வந்தது, ஓர் ஆங்கில நாளிதழின் மதுரைப் பதிப்பில் ஆத்தங்குடிக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எழுதினார், பயணப் பத்திரிகையில் ஒரு கட்டுரை. இந்த முறை எனக்கு ஆன செலவு படத்துக்குக் கொடுத்த அந்த 15,000 மட்டும். திறந்த முதல் வாரங்களில் அறையைவிட மதியச் சாப்பாட்டுக்குத்தான் கூட்டம், பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைக்காரர்கள். தங்காதவர்களும் சாப்பிடலாம் என்ற முதல் பத்தி வரி கொண்டுவந்த கூட்டம் அது.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் ஓயவில்லை. தகவல் தாளில் அது எந்த மாத நிலவரம் என்று நான் போடவில்லை. பத்திரிகைகள் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு பின்னாலும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. விலையை ஏற்றிய பிறகும் வார இணைப்பு ஒன்றில் 6,800 என்றே வந்து, அந்தப் பக்கத்தைப் போனில் காட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் 6,800-க்கே கொடுத்தேன். இப்போது தாளின் தலையிலேயே மாதமும் வருஷமும் இருக்கிறது, கட்டண வரிக்குப் பக்கத்தில் இது எந்தத் தேதி வரை செல்லும் என்றும் இருக்கிறது. விலை மாறுகிற அன்றைக்கே பழைய தாளை வாங்கியவர்கள் எல்லாருக்கும் புதியது போய்விடும்.